கடைக் கண்டத்துக்குத் தண்ணீர் வரவில்லையா? வாய்க்காலில் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

சிறுபோகம் வந்தால் படுவான்கரைப் பக்கம் ஒரே முறைப்பாடுதான். குளத்தில் தண்ணீர் இருக்கிறது, துருசும் திறந்திருக்கிறது, ஆனால் வாய்க்காலின் கடைசியில் வயல் வெடித்துக் கிடக்கிறது. உடனே எல்லாரும் கேட்பது, "முழு வாய்க்காலுக்கும் கொங்கிறீட் போட்டுத் தாங்க" என்பதைத்தான். பல போகங்களாக இந்த ஒரே பழுதைத் திருத்தித் திருத்தி நான் கண்டது: கொங்கிறீட் தேவைப்படும் நீளம், கேட்கப்படும் நீளத்தில் ஒரு சிறு பங்குதான். தேவையான இடத்தில் போடாமல் தேவையில்லாத இடத்தில் போட்டால் அடுத்த சிறுபோகத்திலும் கடைக் கண்டம் காய்ந்துதான் கிடக்கும்.

கீழே சொல்வது சிறிய குளங்களுக்கு, அதாவது 200 ஏக்கருக்குள் பாயும் குளங்களின் வயல் வாய்க்கால்களுக்கு. உன்னிச்சை, நவகிரி போன்ற பெரிய குளங்களின் பிரதான வாய்க்காலில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். அது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வேலை.

## அறிகுறி 1: தலைப்பில் நிறையத் தண்ணீர், கடைசியில் இல்லை

முதலில் வாய்க்காலை நடந்து பாருங்கள். விடியற்காலையில், எல்லா வயல்மடைகளையும் மூடச் சொல்லிவிட்டு, இரண்டு பேராக, வாய்க்காலின் இரு கட்டிலும் ஒவ்வொருவராக நடக்க வேண்டும். பார்க்க வேண்டியது வாய்க்காலுக்கு உள்ளே அல்ல, கட்டின் வெளிப்பக்க அடியை. மழை இல்லாத நாளில் அங்கே ஈரமோ பச்சைப் புல்லோ சின்ன ஓட்டமோ இருந்தால் அதற்கு நேர் உள்ளே நண்டு வளையோ எலி வளையோ இருக்கும். சிலவேளை மண்ணுக்குள் புதைத்த பிவிசி குழாய் இருக்கும். யாரோ வெட்டிவிட்டுச் சரியாக அடைக்காத வக்கடையும் இதே அடையாளத்தைத்தான் காட்டும்.

வளையை வெளிவாயில் மட்டும் அடைத்தால் நாளைக்கு இன்னொரு வாய் திறக்கும். வாய்க்காலைக் காயவிட்டு, வளை போகும் வழியெல்லாம் வெட்டித் திறந்து, ஈரக் களிமண்ணை ஒரு சாண் தடிப்பில் படை படையாகப் போட்டு இடித்து நிரப்புங்கள். ஒரு நாள் கூலிக்குள் முடிகிற வேலை இது.

நடந்து பார்த்தும் எதுவும் தெரியவில்லையா? சரி, அப்புறம்தான் அளக்க வேண்டும்.

### ஓட்டத்தை அளப்பது

நேராக ஓடும் 10 மீட்டர் துண்டைத் தெரிவு செய்து இரண்டு முனையிலும் கம்பு நட்டுக்கொள்ளுங்கள். கால்வாசி தண்ணீர் விட்டு மூடிய சின்னப் போத்தலை நடுவில் விட்டு, அது கடக்கும் நேரத்தை ஐந்து தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். மேற்பரப்பில் தண்ணீர் வேகமாக ஓடும், அடியிலும் கரையோரத்திலும் மெதுவாக ஓடும். அதனால் கிடைத்த வேகத்தை 0.75 ஆல் பெருக்க வேண்டும். அதை வாய்க்காலின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் ஓட்டம் வரும். இந்த முறையில் பத்தில் ஒரு பங்கு, சிலவேளை ஐந்தில் ஒரு பங்கு பிழை வரலாம். பெரிய இழப்பைக் காட்ட அது போதும், ஒரு லீற்றர் இரண்டு லீற்றருக்குச் சண்டை பிடிக்கப் போதாது.

ஒரு வாய்க்காலில் நாங்கள் எடுத்த கணக்கைச் சொல்கிறேன். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு சிறு குளம். வாய்க்காலின் அடியகலம் 45 சென்டிமீட்டர், கரை ஒன்றுக்கு ஒன்று சரிவு. தலைப்பில் தண்ணீர் ஆழம் 25 சென்டிமீட்டர், போத்தல் 10 மீட்டர் கடக்க 37 விநாடி. ஓட்டம் செக்கனுக்கு 35 லீற்றர் என்று வந்தது. 600 மீட்டர் கீழே, கடைக் கண்டம் தொடங்கும் இடத்தில் ஆழம் 20 சென்டிமீட்டர், 46 விநாடி. அங்கே 21 லீற்றர்தான். இடையிலுள்ள எல்லா மடையும் மூடியிருந்தது. அப்படியானால் 14 லீற்றர் எங்கே?

கடைக் கண்டம் 30 ஏக்கர். நெல்லுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிமீட்டர் என்று வைத்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 8,500 கனமீட்டர் வேண்டும். முறைப்படி அவர்களுக்கு வாரத்தில் மூன்றரை நாள். 21 லீற்றர் ஓட்டத்தில் அந்த மூன்றரை நாளில் கிடைப்பது 6,350 கனமீட்டர். நான்கில் ஒரு பங்கு குறைவு. கடைசி வரம்பில் பயிர் மஞ்சளானதற்கு இதுதான் காரணம், பசளைக் குறைவு அல்ல.

### இழப்பு மண்ணாலா, ஓட்டையாலா?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் கொங்கிறீட்டுக்கு மதிப்பீடு எழுதக் கூடாது. பதிலுக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். இழக்கும் தண்ணீரை, தண்ணீர் நனைக்கும் வாய்க்கால் பரப்பால் வகுத்தால் நாளொன்றுக்கு எத்தனை மீட்டர் தண்ணீர் மண்ணுக்குள் போகிறது என்று தெரியும்.

எங்கள் வாய்க்காலில் அடியும் இரு கரையும் சேர்ந்து நனையும் அகலம் சராசரி 1.09 மீட்டர். 600 மீட்டருக்கு 650 சதுரமீட்டர் அளவு. செக்கனுக்கு 14 லீற்றர் என்றால் நாளொன்றுக்கு 1,210 கனமீட்டர். வகுத்தால் 1.86 மீட்டர். களி கலந்த மண் வாய்க்காலில் நாளொன்றுக்கு 5 முதல் 20 சென்டிமீட்டர் வரை ஊறும். மணல் கலந்த மண்ணில் 30 முதல் 50 வரை போகலாம். ஒரு வாய்க்காலின் முழு நீளத்துக்கும் 1.86 மீட்டர் என்று வந்தால், ஒன்றில் எங்கோ தனி மணல் படுகை இருக்கிறது, அல்லது ஓட்டை இருக்கிறது, அல்லது இரண்டும் இருக்கிறது.

### தேக்கிப் பார்ப்பது

துருசை மூடிய பிறகு 15, 20 மீட்டர் துண்டு ஒன்றின் இரு முனையையும் மண்மூட்டையும் பொலித்தீன் விரிப்பும் வைத்து அடையுங்கள். வாய்க்கால் காய்ந்து கிடந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும், ஏனென்றால் காய்ந்த மண் முதலில் நிறையக் குடிக்கும். ஆகவே மூன்று நான்கு நாள் தண்ணீர் ஓடிய கையோடு செய்யுங்கள். வழக்கமாக ஓடும் ஆழத்துக்கு நிரப்பி, ஒரு கம்பை ஊன்றி, தண்ணீர் மட்டத்தில் ஆணி அடித்து, மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறக்கத்தைப் பாருங்கள். வெயிலில் ஆவியாவது ஒரு நாளைக்கே அரைச் சென்டிமீட்டர் அளவுதான், அதை விட்டுவிடலாம்.

முதலில் தலைப்புக்குக் கிட்ட ஒரு துண்டில் பார்த்தோம். ஆறு மணித்தியாலத்தில் 6 சென்டிமீட்டர் இறங்கியது, அதாவது நாளுக்கு 24. சரிந்த கரையால் நனையும் அகலம் தண்ணீரின் மேல் அகலத்தை விட அதிகம் என்பதற்காக 0.83 ஆல் பெருக்கினால் 20 சென்டிமீட்டர். நல்ல மண்தான். இந்த ஒரு சோதனையோடு நிறுத்தியிருந்தால் "மண்ணில் பிழையில்லை, எல்லாம் களவுதான்" என்று முடிவு கட்டியிருப்போம்.

அந்த வட்டையின் வட்டவிதானை வயதானவர். "தம்பி, நடுவில ஒரு துண்டு பழைய ஓடை ஓடின இடம், அதையும் ஒருக்கா பாருங்க" என்றார். அங்கே தேக்கியபோது முதல் மணித்தியாலத்திலேயே 12 சென்டிமீட்டர் இறங்கிவிட்டது. அதே கணக்கில் நாளுக்கு 2.4 மீட்டர். மண்வெட்டியால் கொத்தினால் ஒரு முழத்துக்குக் கீழே வெள்ளை மணல். அந்த மணல் துண்டு 120 மீட்டர் நீளம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். மணல் துண்டில் போவது செக்கனுக்கு 3.6 லீற்றர். மற்ற 480 மீட்டரிலும் சேர்த்து 1.2 லீற்றர்தான். மண் குடித்தது மொத்தம் 5 லீற்றருக்குள். இன்னும் 9 லீற்றருக்குக் கணக்கில்லை.

மறுபடி நடந்தோம், இந்தத் தடவை வாய்க்காலுக்குள் இறங்கிக் கையால் கரையைத் தடவிக்கொண்டு. புல் மூடிய இடத்தில் மூன்றங்குலக் குழாய்கள் இரண்டு அகப்பட்டன. தண்ணீர் மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இருக்கும் மூன்றங்குலக் குழாயால் செக்கனுக்குக் கிட்டத்தட்ட நாலரை லீற்றர் போகும். இரண்டுக்கும் 9. கணக்கு அடைந்தது.

குழாய் வைத்தவரோடு சண்டைக்குப் போவதற்கு முன் ஏன் வைத்தார் என்று கேளுங்கள். இந்த இடத்தில் அவர் வயல் மேடு. மடையடியில் வாய்க்காலின் தண்ணீர் மட்டம் வயலைவிடத் தாழ்வாக இருந்ததால் மடை திறந்தாலும் தண்ணீர் ஏறாது, அதனால் மேலே தள்ளிக் குழாய் போட்டிருக்கிறார். குழாயைப் பிடுங்கி, 40 மீட்டர் மேலே பலகை போட்டு மூடக்கூடிய ஒழுங்கான மடை ஒன்றைக் கமக்காரர் அமைப்பு கட்டிக்கொடுத்தது. பிடுங்குவதோடு விட்டிருந்தால் அடுத்த போகம் இன்னோர் இடத்தில் குழாய் வந்திருக்கும்.

### எவ்வளவு நீளத்துக்குக் கொங்கிறீட்?

மணல் துண்டு 120 மீட்டருக்கு மட்டும். தண்ணீர் மட்டத்துக்கு மேல் 15 சென்டிமீட்டர் கரை விட்டால் பூச்சின் அகலம் 1.58 மீட்டர், தடிப்பு 75 மில்லிமீட்டர். மொத்தம் 14 கனமீட்டர், நம் கணக்கில் 5 கியூப். முதலில் கேட்டபடி 600 மீட்டருக்கும் போட்டிருந்தால் 25 கியூப் போயிருக்கும். அதில் 20 கியூப் சேமித்துத் தந்திருக்கும் தண்ணீர் செக்கனுக்கு ஒரு லீற்றர் சொச்சம்.

வேலை முடிந்த பிறகு அதே இடத்தில் அதே போத்தலால் அளந்தோம், 31 லீற்றர். மூன்றரை நாளுக்கு 9,300 கனமீட்டருக்கு மேல். கடைக் கண்டத்துக்குத் தேவையானதைவிட அதிகம்.

கொங்கிறீட்டுக்குக் காசே இல்லாவிட்டால் முறையை மாற்றிப் பாருங்கள். வாய்க்காலில் 15 லீற்றர் ஓடினாலும் 35 லீற்றர் ஓடினாலும் மண் குடிப்பது பெரிதாக மாறாது. நாள் முழுதும் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதைவிட, ஒரு கண்டத்துக்கு முழு ஓட்டத்தையும் கொடுத்து மற்றதை மூடினால் அதே மண்ணில் இழக்கும் பங்கு பாதியாகும். கல்லோயா இடதுகரையில் 1980களின் தொடக்கத்தில் விவசாயிகள் குழுக்களாகச் சேர்ந்து முறை வைத்து, மிச்சப்படுத்திய தண்ணீரைக் கடைசிக் கண்டங்களுக்கு அனுப்பியது இந்த அடிப்படையில்தான்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: தேக்கிப் பார்த்ததில் நாளுக்கு அரை மீட்டருக்கு மேல் இறங்கும் துண்டு இருந்தால் கமநல சேவை நிலையத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் போங்கள். போகும்போது எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை, எத்தனை மணித்தியாலத்தில் எவ்வளவு இறங்கியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "தண்ணி வரல்ல" என்று மட்டும் சொன்னால் அவரும் முழு நீளத்துக்கே மதிப்பீடு போடுவார்.

## அறிகுறி 2: பிரிப்புத் தொட்டியில் ஒரு பக்கம் அதிகமாகப் போகிறது

முதலில் கட்டை, ஓலை, சல்வீனியா ஏதும் ஒரு வாயில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி முறைப்பாடு அதோடு தீரும்.

அடுத்தது, குறைவாகப் போகும் பக்கத்தின் கீழ் வாய்க்கால். அங்கே மண் படிந்து தண்ணீர் மட்டம் தொட்டியின் விளிம்பு வரை ஏறி நின்றால், விளிம்பால் விழ வேண்டிய தண்ணீர் விழாமல் மற்றப் பக்கம் திரும்பிவிடும். விளிம்பில் தண்ணீர் தெளிவாகக் குதித்து விழுகிறதா, அல்லது விழாமல் சமனாக ஓடுகிறதா என்று பார்த்தாலே தெரியும். கீழ் வாய்க்காலைச் சுரண்டிவிட்டால் சரியாகும்.

மூன்றாவது, விளிம்புகளின் மட்டம். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. தண்ணீர் நிற்கும்போது இரண்டு விளிம்பின் மேலும் அடிமட்டம் வைத்துத் தண்ணீர் உயரத்தை அளந்து பாருங்கள். உதாரணத்துக்கு, அரை மீட்டர் அகலமான விளிம்பில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் இருந்தால் செக்கனுக்கு 27 லீற்றர் போகும். மற்ற விளிம்பு 2 சென்டிமீட்டர் மட்டுமே உயர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் 8 சென்டிமீட்டர், போவது 19 லீற்றர். இரண்டு விரல் தடிப்புக்கும் குறைந்த பிழை, கால் பங்குக்கும் மேல் நட்டம். தொட்டியின் ஒரு பக்கம் தாழ்ந்துபோவதாலோ, மேசன் பூச்சைக் கொஞ்சம் தடிப்பாகப் போட்டதாலோ இது வரும். தாழ்ந்த விளிம்பின் மேல் சீமெந்துச் சாந்தால் உயர்த்தி, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து முடியுங்கள். கண்ணால் மட்டம் பிடிக்காதீர்கள்.

இரண்டு பக்கமும் ஏக்கர் வேறென்றால் விளிம்பின் அகலத்தை வேறாக்க வேண்டும், உயரத்தை அல்ல. 30 ஏக்கருக்கும் 20 ஏக்கருக்கும் பிரிக்க 60 சென்டிமீட்டரும் 40 சென்டிமீட்டரும். உயரத்தில் பிரித்தால் தண்ணீர் குறையும் நாளில் உயர்ந்த பக்கத்துக்குச் சொட்டும் போகாது.

ஆளைக் கூப்பிட: தொட்டியே சாய்ந்திருந்தால், அல்லது தொட்டிக்கு முன்னால் வாய்க்கால் வளைந்து வந்து ஓட்டம் ஒரு பக்கம் அடித்தால். இது இடம் மாற்றிக் கட்டும் வேலை.

## அறிகுறி 3: கொங்கிறீட் பூச்சு வெடித்திருக்கிறது, உயர்ந்திருக்கிறது, தாழ்ந்திருக்கிறது

மயிரிழை வெடிப்பை வண்டல் தானாக அடைத்துவிடும், விடுங்கள். ஆணி நுனி நுழையும் வெடிப்பென்றால் வெட்டுளியால் இரண்டு பக்கமும் அகலப்படுத்தித் தாரும் மணலும் சேர்த்து அடையுங்கள். சீமெந்து அடைத்தால் அடுத்த வெயிலில் அதே கோட்டில் மறுபடி வெடிக்கும். மூன்று மீட்டருக்கு ஒரு பொருத்து விடாமல் நீளமாகப் போட்ட பூச்சு தானே தனக்குப் பொருத்து வெட்டிக்கொள்கிறது என்றுதான் இந்த வெடிப்பைப் புரிந்துகொள்ள வேண்டும்.

கொங்கிறீட் பலகை தாழ்ந்திருந்தால் கம்பியால் தட்டிப் பாருங்கள். பறை போல் ஒலித்தால் அடியில் வெற்றிடம். நிரப்பிய மண்ணை இடிக்காமல் மேலே கொங்கிறீட் போட்டிருப்பார்கள், அல்லது வெடிப்பால் நுழைந்த தண்ணீர் மணலைக் கழுவிக்கொண்டு போயிருக்கும். அந்தப் பலகையை மட்டும் உடைத்து, கிறவல் கலந்த மண் போட்டு இடித்து, மறுபடி போட்டு, ஏழு நாளாவது ஈரச் சாக்கால் மூடி வைக்க வேண்டும்.

மாடுகள் இறங்கிக் கடக்கும் இடத்தில் பூச்சு திரும்பத் திரும்ப உடைந்தால் பூச்சைத் திருத்திப் பயனில்லை. அந்த இடத்தில் கல் பதித்து மாட்டுக் கடவை ஒன்று விட்டுக்கொடுங்கள்.

பலகை உயர்ந்து கிளம்பியிருந்தால் காரணம் வேறு. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ் பருவமழையில் சுற்றுவட்டத்து நிலத்தடி நீர் வாய்க்கால் அடியைவிட உயர்ந்து நிற்கும். அந்த நேரம் துருசைச் சட்டென மூடி வாய்க்காலைக் காலியாக்கினால், வெளியிலிருக்கும் தண்ணீர் பூச்சை உள்ளே தள்ளும். 75 மில்லிமீட்டர்ப் பலகைக்கு அதைத் தாங்கும் பாரம் இல்லை. மழைக்காலத்தில் ஓட்டத்தை ஓரிரு நாளில் படிப்படியாகக் குறைப்பது செலவில்லாத வழி. அப்படியும் கிளம்பும் இடத்தில் பலகைக்குப் பின்னால் சல்லியும் மணலும் வடிகட்டியாக வைத்து, சிறு துளைகள் விட வேண்டும். ஆனால் வெள்ளை மணல் துண்டில், நிலத்தடி நீர் ஆழமாக இருக்கும் இடத்தில், இந்தத் துளைகளை விடாதீர்கள். அடைக்கப் போன ஓட்டையை நாமே திறந்துவிட்டதாகும்.

ஆளைக் கூப்பிட: மூன்று நான்கு பலகைகள் தொடர்ச்சியாகக் கிளம்பியிருந்தால் அது வடிகால் திட்டமிடும் வேலை. ஒவ்வொரு பலகையாக மாற்றிக்கொண்டிருந்தால் காசு கரையும்.

## அறிகுறி 4: பூச்சுப் போட்ட பிறகு மேல்பக்கம் வழிகிறது

பெரும்பாலும் பூச்சு முடியும் இடத்துக்குக் கீழேயுள்ள மண் வாய்க்காலில்தான் பழுது. கொங்கிறீட்டில் ஓடும் தண்ணீரை, புல் நிறைந்த அதே அளவு மண் வாய்க்கால் பாதிதான் கொண்டுபோகும். ஆகவே முதலில் கீழே புல்லும் மண்ணும் எடுத்துவிட்டு, ஓட்டத்தை மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகும் வழிந்தால் அடிமட்டத்தை ஒவ்வொரு 20 மீட்டருக்கும் தண்ணீர்க் குழாயால் மட்டம் பாருங்கள். நடுவில் மேடு வந்திருந்தால் கரையை உயர்த்தி ஒப்பேற்றலாம். தலைகீழான சரிவு என்றால் உடைத்துத்தான் போட வேண்டும்.

## அறிகுறி 5: மடைக்குக் கீழே சேறு கலந்த தண்ணீர் ஊறுகிறது

இதற்கு நீங்களாகச் செய்து பார்க்க ஒரு சோதனைதான் உண்டு. ஊறும் தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்து அரை மணித்தியாலம் வையுங்கள். தெளிவாக இருந்தால் வெறும் கசிவு, அடுத்த துப்புரவின்போது களிமண் இடித்து அடைக்கலாம். அடியில் மண் படிந்தால் கட்டமைப்புக்குக் கீழே தண்ணீர் வழி வெட்டிக்கொண்டு மண்ணை எடுத்துப் போகிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஓட்டத்தைக் குறைத்து, உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். வாயை மட்டும் சீமெந்தால் பூசி மூடினால் தண்ணீர் பக்கவாட்டில் வழி தேடி மடையையே கொண்டுபோகும்.

இதே சேற்றுக் கசிவு குளத்துத் துருசின் வெளிவாயிலோ குளக்கட்டின் அடியிலோ வந்தால் போத்தலில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். கட்டுக்குக் கீழே இருக்கும் வீடுகளுக்குச் சொல்லிவிட்டு, உடனே கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு அழையுங்கள், இரவானாலும்.